ஒரே பக்கம், இரண்டு காட்சிகள்

ஒரு விற்பனை அறிக்கையை இரண்டு பேர் திறக்கிறார்கள். நிர்வாகி, விற்பனை ஏறுகிறதா இறங்குகிறதா என்று வரைபடத்தில் ஒரு பார்வை பார்த்தால் போதும் என்பார். கணக்காளருக்கோ ஒவ்வொரு மாதத்தின் தொகையும் வரிசையாக வேண்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் திணித்தால் இருவருக்கும் இடம் போதாது. தனித்தனிப் பக்கங்களாகப் பிரித்தால், பின்னாளில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு இடங்களில் செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ மென்பொருளில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. வரைபடத்தையும் அட்டவணையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, பட்டனைத் தட்டும்போது ஒன்று மறைந்து மற்றொன்று தோன்றும்படி செய்யலாம். இதைச் செய்வது புக்மார்க்.

இதைக் கற்றுக்கொடுக்கும் காணொளிகள் பலவும் பட்டன் வேலை செய்யத் தொடங்கியதும் முடிந்துவிடுகின்றன. சிக்கல் தொடங்குவதே அதற்குப் பிறகுதான் என்பதால், ஒரு முறை செய்து பார்த்தே பேசுவோம். பவர் பிஐ டெஸ்க்டாப்புடன் financials என்ற மாதிரித் தரவு இலவசமாகவே வருகிறது. அதில் 700 வரிசைகள், ஐந்து நாடுகள், 2013, 2014 ஆண்டுகளின் விற்பனை இருக்கின்றன. பக்கத்தின் மேலே நாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு ஸ்லைசர் வைப்போம். கீழே மாதவாரி விற்பனையின் கோட்டு வரைபடம். அதே இடத்தில், அதே அளவில் மாதம், விற்பனை, லாபம் காட்டும் அட்டவணை.

View பகுதிக்குப் போய் Selection, Bookmarks என்ற இரண்டு பலகைகளையும் திறக்க வேண்டும். Selection பலகையில் பக்கத்திலுள்ள ஒவ்வொரு பொருளின் பெயரும், அதன் பக்கத்தில் ஒரு கண் குறியும் இருக்கும். கண்ணைத் தட்டினால் அந்தப் பொருள் மறையும். அட்டவணையை மறைத்துவிட்டு, Bookmarks பலகையில் Add தட்டி, வரும் புக்மார்க்குக்கு ‘வரைபடம்’ என்று பெயரிடுவோம். பிறகு வரைபடத்தை மறைத்து, அட்டவணையைக் காட்டி, இன்னொரு Add. இதன் பெயர் ‘அட்டவணை’. Ctrl விசையை அழுத்திக்கொண்டு இரண்டு புக்மார்க்குகளையும் தேர்ந்தெடுத்து Group செய்துவிட்டு, Insert பகுதியில் Buttons, Navigator, Bookmark navigator என்று போனால் பட்டன்கள் தாமாகவே வந்து உட்காரும். அவற்றின் அமைப்பில் நம் குழுவைக் காட்டிக்கொடுத்தால் அந்த இரண்டு புக்மார்க்குகளுக்கு மட்டும் பட்டன் இருக்கும். எந்தக் காட்சியில் இருக்கிறோமோ அதன் பட்டன் வேறு நிறத்தில் தெரிவது இந்த முறையின் நல்ல அம்சம். வெறும் பட்டன்களை வைத்து இதைச் செய்வதானால் ஒவ்வொன்றையும் இரண்டு நிறத்தில் வரைந்து, அவற்றையும் மறைத்துக் காட்ட வேண்டும். டெஸ்க்டாப்பில் சோதிக்கும்போது Ctrl விசையோடு தட்ட வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். வெளியிட்ட பிறகு வாசகருக்கு அது தேவையில்லை.

பட்டனைத் தட்டினால் காட்சி மாறுகிறது. இப்போது ஸ்லைசரில் ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘அட்டவணை’ பட்டனைத் தட்டிப் பாருங்கள். ஜெர்மனி போய்விடும். அட்டவணையில் ஐந்து நாடுகளின் கூட்டுத்தொகை நிற்கும்.

புக்மார்க் என்பது பக்கத்தின் அந்த நேரத்து நிலையை எடுத்து வைத்த ஒரு புகைப்படம். எது மறைந்திருந்தது என்பதோடு, ஸ்லைசரில் என்ன தேர்வாகியிருந்தது, அட்டவணை எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருந்தது என்பவற்றையும் அது பதிந்துகொள்கிறது. நாம் Add தட்டியபோது எந்த நாடும் தேர்வாகவில்லை. ஆகவே பட்டனைத் தட்டும் ஒவ்வொரு முறையும் வாசகரின் தேர்வு அழிந்து, நம்முடைய பழைய நிலை திரும்புகிறது. இந்தப் பிழை தன்னை அறிவித்துக்கொள்ளாது என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. எச்சரிக்கை எதுவும் வராது. ஜெர்மனியின் லாபம் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் ஐந்து நாடுகளின் லாபத்தை எழுதி எடுத்துப் போவார்.

தீர்வு மிக எளிது. புக்மார்க்கின் பெயருக்கு அருகிலுள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் Data, Display, Current page என்ற மூன்று தேர்வுகள் தெரியும். மூன்றும் தொடக்கத்தில் இயங்கும் நிலையில்தான் இருக்கும். இரண்டு புக்மார்க்குகளிலும் Data-வை நீக்கிவிட்டால் போதும். அதன்பின் பட்டன் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஜெர்மனி இருந்த இடத்திலேயே இருக்கும். அதே Data இன்னொரு வேலைக்குத் தேவைப்படும். ஸ்லைசர்கள் காலியாக இருக்கும்போது ஒரு புக்மார்க் எடுத்து, அதில் Data-வை வைத்துக்கொண்டு Display-ஐ நீக்கினால், எல்லாத் தேர்வுகளையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் பட்டன் கிடைத்துவிடும்.

அறிக்கை வளரும்போது அடுத்த தொல்லை வரும். அதே பக்கத்தில் விளக்கக் குறிப்புகளுக்காக ஒரு பெட்டி வைத்து, அதைத் திறக்க ஒன்று, மூட ஒன்று எனத் தனி பட்டன்களும் புக்மார்க்குகளும் அமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாசகர் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே குறிப்பைத் திறந்தால் அட்டவணை மறைந்து வரைபடம் வந்து நிற்கும், அந்தப் புக்மார்க்கை எடுத்தபோது வரைபடம் திரையில் இருந்திருந்தால். ஒவ்வொரு புக்மார்க்கும் All visuals என்ற தேர்வோடு பிறக்கிறது. பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் அது தன் பழைய நிலைக்கு இழுக்கும். இதற்கு ஈடுகொடுக்க, சேரக்கூடிய எல்லா நிலைகளுக்கும் புக்மார்க் போடத் தொடங்குவார்கள் சிலர். இரண்டிரண்டு நிலைகள் கொண்ட மாற்றங்கள் மூன்று இருந்தால் எட்டு புக்மார்க்குகள், நான்கு இருந்தால் பதினாறு. அப்படி அமைந்த அறிக்கையை ஆறு மாதம் கழித்து யாராலும் திருத்த முடியாது.

Selected visuals என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது. Selection பலகையில் வரைபடம், அட்டவணை இரண்டின் பெயரையும் Ctrl விசையோடு தேர்ந்தெடுக்க வேண்டும். மறைந்திருக்கும் பொருளையும் அந்தப் பலகையில் தேர்ந்தெடுக்க முடியும். பிறகு புக்மார்க்கில் Selected visuals என்று மாற்றி, Update தட்ட வேண்டும். இனி அந்தப் புக்மார்க் அந்த இரண்டு பொருள்களைத் தவிர வேறெதையும் தொடாது. குறிப்புப் பெட்டியின் புக்மார்க்குகளுக்கும் இப்படியே செய்தால் ஒவ்வொரு மாற்றமும் தன் வேலையை மட்டும் பார்க்கும்; நான்கு மாற்றங்களுக்கு எட்டு புக்மார்க்குகள் போதும்.

Update தட்டும் முன் திரையை ஒரு முறை பார்ப்பது அவசியம். அந்த நொடியில் திரை எப்படியிருக்கிறதோ அதுதான் பதியும். வரைபடம் திரையில் இருக்கும்போது ‘அட்டவணை’ புக்மார்க்கை Update செய்துவிட்டால், இரண்டு பட்டன்களும் ஒரே வரைபடத்தைக் காட்டும். ‘பட்டன் வேலை செய்யவில்லை’ என்ற புகார் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அறிக்கையைச் சேமிக்கும்போது எந்தக் காட்சி திரையில் இருந்ததோ அதுவே வாசகருக்கு முதலில் தெரியும் என்பதால், வெளியிடும் முன் வரைபடத்துக்குத் திரும்பிவிட்டுச் சேமிப்பது நல்லது.

எல்லா மாற்றத்துக்கும் இந்த முறை பொருந்தாது. வரைபடம் அதுவேதான், விற்பனைக்குப் பதில் லாபம் காட்ட வேண்டும் என்றால், இரண்டு வரைபடங்களை அடுக்கி மறைப்பது வீண் வேலை. 2022-இல் வந்த Field parameters என்ற வசதி, ஒரே வரைபடத்துக்குள் அளவை மட்டும் மாற்றித் தரும். உருவமே மாறும் இடத்துக்குத்தான் புக்மார்க்.

மறைத்தல் என்பது பூட்டுதலும் அல்ல. ஊழியர் சம்பள அட்டவணையைக் கண் குறியால் மறைத்துவிட்டு, பட்டன் இல்லாததால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பக் கூடாது. அதன் தரவு அறிக்கைக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. திருத்தும் உரிமை உள்ள எவரும் ஒரே தட்டலில் அந்தக் கண்ணைத் திறக்கலாம். யார் எந்த வரிசைகளைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாட்டை Manage roles பகுதியில், தரவின் மட்டத்திலேயே அமைக்க வேண்டும்.