ஏற்புரையிலேயே கப்பல் ஏற்றிவிடாதீர்கள்

நம் புத்தக வெளியீட்டு விழாக்களில் நூலாசிரியர் கடைசியில்தான் பேசுவார். வாழ்த்துரையும் இரண்டு மூன்று ஆய்வுரைகளும் முடிந்து ஏற்புரைக்கு மைக் வரும்போது, பாதிக் கதையை மற்றவர்களே சொல்லி முடித்திருப்பார்கள். முதல் நாவல்காரருக்கு இது பெரிய சங்கடம். எந்த அத்தியாயத்தைத் தாண்டிப் பேச வேண்டாம் என்று ஆய்வுரையாளர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

ஏற்புரையில் என்ன பேசுவது? மலையகத் தமிழர் தாயகம் திரும்பியதைச் சொல்லும் ஒரு நாவலை வைத்துப் பார்ப்போம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அண்ணன் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போடுகிறான். அம்மாவுக்கும் தங்கைக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிடுகிறது. தங்கை கப்பல் ஏறினாளா என்பதில்தான் கதை முடிகிறது.

வரலாற்றைத் தயங்காமல் சொல்லலாம். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மீதி 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த எண்களுக்குப் பிறகு, ஒரே லயத்தில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள் என்று சொன்னால் போதும். நாவலின் கரு அரங்கத்துக்குப் புரிந்துவிடும்.

அடுத்து ஒரு பக்கம் வாசிக்கலாம். குப்பி விளக்கு வெளிச்சத்தில் அண்ணன் மனுவை நிரப்புகிறான், "என் பேரை எங்கடா எழுதுறே?" என்று அம்மா கேட்கிறாள். முதல் கால்பகுதியில் வரும் இப்படியொரு காட்சிதான் மேடைக்குப் பொருத்தம். கேள்வி அங்கே பிறக்கிறது, பதில் இன்னும் தூரத்தில் இருக்கிறது.

ஆனால் ஊரறிந்த செய்தியே சில சமயம் முடிவைக் காட்டிக்கொடுத்துவிடும். தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் 1980-களில் போரால் நின்றுபோனது. கதையின் முடிவு அதில் தொங்குமானால், மேடையில் அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். தாயகம் திரும்பியோருக்காக நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டதைத் தாராளமாகப் பேசலாம். "நம் கதாநாயகி கொழுந்து பறித்த கோத்தகிரி" என்று வாய் தவறினால் போச்சு.

இதைவிட ஆபத்தானது நன்றி சொல்லும் இடம். உணர்ச்சி பொங்க, "கடைசிவரை தோட்டத்தை விட்டு வராத என் பெரியம்மாதான் இந்தத் தங்கை" என்று சொல்லிவிடுவார்கள். முந்நூறு பக்கம் காத்துவைத்த ரகசியம் ஒரே வரியில் போய்விடும். பெரியம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள், அவர் எந்தக் கரையில் வாழ்ந்தார் என்பதைப் புத்தகம் சொல்லட்டும்.

பேச்சு சரியாக அமைந்ததா என்பது கையெழுத்து வாங்க வருகிறவர்களிடம் தெரிந்துவிடும். "அந்தப் பொண்ணு வந்துச்சா, இல்லையா?" என்று அவர்கள் கேட்டால், பேச்சு சரியாகவே அமைந்திருக்கிறது. "பாவம்ங்க அந்தப் பொண்ணு" என்றால், முடிவு எங்கேயோ கசிந்துவிட்டது.