கண் எவ்வளவு திறந்திருக்கிறது?

வீட்டு மாடியில் நிற்கும் டிஷ்ஷுக்கு வரும் டிவி சேனல்கள் செயற்கைக்கோளின் ஒரு டிரான்ஸ்பாண்டரிலிருந்து கிளம்புகின்றன. அதற்குக் கிடைக்கும் அலைப்பட்டை பெரும்பாலும் 36 மெகாஹெர்ட்ஸ்தான். அந்த அகலத்துக்குள் துடிப்புகளை வரிசையாக அனுப்புகிறார்கள். எளிமைக்காக மேல்நோக்கிய துடிப்பு 1, கீழ்நோக்கியது 0 என்று வைத்துக்கொள்வோம்.

சதுரமாக வெட்டி எடுத்தது போன்ற துடிப்பு அலைப்பட்டையில் எல்லையில்லாமல் பரவும். பக்கத்து டிரான்ஸ்பாண்டரைக் கெடுக்கும். அதனால் ஃபில்டர் வைத்துச் சுருக்கியாக வேண்டும். அலைப்பட்டையில் சுருக்கினால் துடிப்பு காலத்தில் நீள்கிறது. முன்னும் பின்னும் நெளிநெளியாக வால் முளைத்து, அடுத்தடுத்த துடிப்புகளின் மேல் விழுகிறது. இதுதான் குறியிடைக் குறுக்கீடு. இரைச்சல் துளியும் இல்லாவிட்டாலும் இது ஒன்றே 1-ஐ 0 ஆக்கிவிடக்கூடும்.

இதற்கான வழியை 1928-இல் தந்தி பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் ஹாரி நைக்விஸ்ட் காட்டினார். ரிசீவர் சிக்னலை எந்நேரமும் அளப்பதில்லை. ஒரு துடிப்புக்கு ஒரு கணம் மட்டுமே அளக்கிறது. ஆகவே வால் இருப்பதால் கேடில்லை. மற்றத் துடிப்புகளை அளக்கும் கணங்களில் அது சரியாகச் சுழியமாக இருந்தால் போதும். எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான சிந்தனை இதுதான்.

அலைப்பட்டையின் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டினாலும் இந்த நிபந்தனை நிறைவேறும். இடமும் மிகக் குறைவாகப் பிடிக்கும். ஆனால் வால் மிக மெதுவாகத்தான் தேயும். ஓரத்தை கொசைன் வளைவாகச் சரித்து இறக்கினால் வால் நேரத்தின் கனத்துக்கு ஏற்ப விரைவாகத் தேய்ந்துவிடுகிறது. இதுவே ரெய்ஸ்டு கொசைன் துடிப்பு. சரிவு எவ்வளவு அகலம் என்பதைச் சொல்லும் எண் ரோல்-ஆஃப். நொடிக்கு அனுப்பும் குறியீடுகளின் எண்ணிக்கையை, ரோல்-ஆஃபுடன் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், தேவைப்படும் அகலம் கிடைக்கும்.

பழைய டிவிபி-எஸ் தரத்தில் ரோல்-ஆஃப் 0.35. 36 மெகாஹெர்ட்ஸில் நொடிக்குச் சுமார் 2.67 கோடி குறியீடுகள் அடங்கும். அடுத்து வந்த டிவிபி-எஸ்2 தரம் 0.20 வரை இறங்க அனுமதித்தது. அதே இடத்தில் 3 கோடி அடங்கும். எட்டில் ஒரு பங்கு கூடுதல், இலவசமாகக் கிடைத்தது போலத் தோன்றும். அதற்கான விலையைக் கண் வரைபடத்தில்தான் பார்க்க முடியும்.

ரிசீவரின் ஃபில்டரைத் தாண்டிய சிக்னலை ஆசிலோஸ்கோப்பில் கொடுத்து, ஒவ்வொரு குறியீட்டுக் காலத்துக்கும் டிரிகர் செய்து, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்படி விட்டால், நடுவில் கண் வடிவில் வெற்றிடம் தெரியும். ஃபில்டருக்கு முன்னால் இணைத்துவிடக் கூடாது. ரெய்ஸ்டு கொசைன் வடிவத்தில் பாதி வேலையை அனுப்பும் முனையும் மீதிப் பாதியைப் பெறும் முனையும் செய்கின்றன. நடுவழியில் பார்த்தால் நல்ல சிக்னலும் கோணலாகத்தான் தெரியும்.

கண்ணின் உயரம், இரைச்சலை எவ்வளவு தாங்கலாம் என்று சொல்கிறது. அகலம், அளக்கும் கணம் எவ்வளவு பிசகலாம் என்று சொல்கிறது. துடிப்பின் உச்சத்தை 1 என்று கொண்டால், சரியான கணத்தில் எந்த ரோல்-ஆஃபிலும் கண் நடுக்கோட்டிலிருந்து 1 அளவுக்குத் திறந்திருக்கும். இப்போது ரிசீவரின் கடிகாரம் குறியீட்டுக் காலத்தில் பத்தில் ஒரு பங்கு தவறட்டும். 3 கோடி வேகத்தில் அது 3.3 நானோ நொடிதான். அக்கம்பக்கத்துத் துடிப்புகளின் வால்கள் எல்லாம் எதிராகச் சேரும் மோசமான நிலையைக் கணக்கிட்டால், ரோல்-ஆஃப் 1 உள்ள சிக்னலில் கண் சுமார் 0.90 வரை திறந்திருக்கிறது. 0.20 உள்ளதிலோ 0.61-க்குச் சுருங்கிவிடுகிறது. இரைச்சல் கூடவே இல்லை. ஆனாலும் அதைத் தாங்கும் இடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. ரோல்-ஆஃப் சுழியமானால் இந்தக் கூட்டலுக்கு எல்லையே கிடையாது. கடிகாரம் இம்மி பிசகினாலும் கண் மூடிக்கொள்ளக்கூடும்.

பழுது எங்கே என்பதையும் கோடுகளே காட்டிவிடும். எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தடித்துப் புகைபோலப் படர்ந்திருந்தால் இரைச்சல். அளக்கும் கணத்தில் தனித்தனி இழைகளாகப் பிரிந்து நின்றால் குறியிடைக் குறுக்கீடு. இரு முனை ஃபில்டர்களின் ரோல்-ஆஃப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் பக்கவாட்டில் பரவியிருந்தால் கடிகாரத்தின் மேல் சந்தேகம் வரும். இங்கே மட்டும் அவசரப்படக் கூடாது. ரோல்-ஆஃப் 0.20 என்றால் கடிகாரம் துல்லியமாக இருந்தாலும் அந்த வெட்டுமிடம் அகன்றுதான் இருக்கும். அதே ரோல்-ஆஃபில் பிழையில்லாத சிக்னலின் கண்ணை முதலில் பார்த்துவிட்டு, அதையும் மிஞ்சிப் பரவியிருப்பதை மட்டுமே கடிகாரத்தின் கணக்கில் எழுத வேண்டும்.