கவர் லெட்டருக்குள் ஒரு மருந்துக்கடை

12 ஆண்டுகள் மென்பொருள் எழுதிய நண்பர் ஒருவர் பிராடக்ட் மேனேஜர் வேலைக்கு மாற நினைத்தார். ரெஸ்யூமேயோடு வைக்கும் கவர் லெட்டரை அனுப்புமுன் என்னிடம் காட்டினார். ஜாவா, காஃப்கா, மைக்ரோ சர்வீஸ் என்று முக்கால் பக்கம். கடைசியில், "தலைமைப் பண்பும் பேச்சுத் திறனும் உண்டு" என்று ஒரு வரி. தொழில்நுட்பப் பெயர்களையெல்லாம் பேனாவால் அடித்துப் பார்த்தோம். அந்த ஒரு வரிதான் மிஞ்சியது. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

எதைச் செய்வது, எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே வேண்டாம் என்று முடிவெடுப்பதுதான் பிராடக்ட் மேனேஜரின் வேலை. எஞ்சினியர்கள் பெரும்பாலும் அவருக்குக் கீழே வருவதில்லை. உத்தரவு போட முடியாது, காரணம் சொல்லித்தான் இணங்க வைக்க வேண்டும். ஆகவே கடிதத்தைப் படிப்பவர் தேடுவது, இந்த ஆள் இதையெல்லாம் ஏற்கெனவே எங்காவது செய்திருக்கிறாரா என்பதைத்தான்.

நண்பர் செய்திருந்தார். எழுதத்தான் தோன்றவில்லை. அவர் கம்பெனி மருந்துக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் விற்கிறது. "பில் போட நேரமாகிறது" என்று கடைக்காரர்கள் புகார் சொல்ல, சர்வரையே மாற்றி எழுத இரண்டு மாத வேலைக்குத் திட்டம் போட்டார்கள். இவர் ஒரு மாலை முழுக்க ஒரு கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். சர்வர் வேகமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் பேட்ச் எண்ணைத் தேடி, காலாவதித் தேதி பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்தான் நேரம் போனது. முதலில் காலாவதியாகும் பேட்சைத்தான் கடைக்காரர் முதலில் விற்பார். அது பட்டியலின் தலையில் தானாக வந்து நின்றால் போதும். சர்வர் வேலையைக் கைவிடலாம் என்று டீமிடமும் மேலதிகாரியிடமும் வாதாடினார். மூன்றே வாரத்தில் வேலை முடிந்தது, புகார் அழைப்புகளும் குறைந்தன.

புதிய கடிதம் அந்த மாலையில்தான் தொடங்கியது. "நாங்கள் உருவாக்கினோம்" என்று இருந்த இடங்களில், "இரண்டு மாத வேலையை நிறுத்தச் சொன்னேன், காரணம் இது" என்று வந்தது. பன்மையில் எழுதுவது அடக்கம்தான். ஆனால் முடிவெடுத்தவர் யார் என்பது அதில் மறைந்துவிடும். கோடிங் சலித்துவிட்டது என்ற வாக்கியத்தை எடுக்கச் சொன்னேன். போகும் இடத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

விலை நிர்ணயம் செய்த அனுபவம் அவருக்கு இல்லை. அதையும் ஒரே வாக்கியத்தில் ஒளிக்காமல் எழுதினார். எப்படியும் நேர்காணலில் கேட்கத்தான் போகிறார்கள்.

கடிதத்தை முதலில் தன் கம்பெனியின் பிராடக்ட் பிரிவுத் தலைவருக்கே அனுப்பியிருக்கிறார். மருந்துக்கடைக் கதைக்குச் சாட்சி அங்கேதான் இருக்கிறது.