பிளவுஸுக்கு அளவெடுக்கும் முறை

புடவை பிளவுஸுக்கு உடம்பில் அளவெடுக்கும்போது டேப் எந்த இடத்தில் படுகிறது என்பதைப் பொறுத்தே எண் மாறும். அரை அங்குலம் தவறினாலும் தைத்த பிறகு தெரிந்துவிடும். டேப்பே நாள்பட்டால் நீண்டுவிடுவதால், அவ்வப்போது அதை ஓர் இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

அளவு கொடுப்பவர் கைகளைத் தளரத் தொங்கவிட்டு, இயல்பாக நேராக நிற்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்துவதோ வயிற்றை எக்குவதோ கூடாது. குனிந்து டேப்பைப் பார்த்தாலே மார்பளவும் உயரமும் மாறிவிடும். பிளவுஸுக்குள் வழக்கமாக அணியும் உள்ளாடையையே அன்றும் அணிந்திருக்க வேண்டும். உள்ளாடை மாறினால் மார்பின் முனை மேலோ கீழோ நகர்ந்துவிடும்.

மார்பில் எடுக்கவேண்டியது ஓர் அளவல்ல, இரண்டு. முதலாவது மேல்மார்பு: டேப்பை அக்குளுக்கு அடியில் ஒட்டி, மார்புக்கு மேலாகச் சுற்றி எடுப்பது. இரண்டாவது, மார்பு மிக எடுப்பாக இருக்கும் இடத்தின் சுற்றளவு. இந்த இரண்டாவது அளவை எடுக்கையில் டேப் முதுகுப் பக்கம் சரிந்து இறங்கிவிடுவது வழக்கம். அளப்பவருக்கு அது தெரியாது. பின்னால் இன்னொருவர் நின்று பார்க்க வேண்டும், அல்லது கண்ணாடி முன் அளக்க வேண்டும். டேப் உடம்போடு படிந்திருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. மூச்சை உள்ளிழுக்கும்போது டேப் தடுக்காமல் இருந்தால் சரி.

மேல்மார்பை எடுக்காமல் விடுவதுதான் பல பிளவுஸ்கள் கெடுவதற்குக் காரணம். இரண்டு பெண்களுக்கு மார்பளவு 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மேல்மார்பு 32, மற்றவருக்கு 35. இருவருக்கும் 36 என்ற ஒரே எண்ணை வைத்து வெட்டினால், முதலாமவருக்குத் தோளிலும் அக்குளிலும் துணி தொளதொளக்கும். கழுத்து விரிந்து தோளிலிருந்து நழுவும். அவருக்குத் தோள், கைக்குழி ஆகியவற்றை 32-ஐ ஒட்டி வெட்டி, மீதி 4 அங்குல வேறுபாட்டை முன்பக்க டாட்டின் ஆழத்தில் கொண்டுவர வேண்டும். இரண்டாமவருக்கு வேறுபாடு 1 அங்குலம்தான். அவருக்கு ஆழமான டாட் பிடித்தால் துணி கூம்பாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

டாட் சரியான இடத்தில் முடிய இன்னும் இரண்டு எண்கள் தேவை. கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து மார்பின் முனைவரை ஒன்று. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மற்றொன்று. டேப்பை முதல் அளவிலிருந்து எடுக்காமல் அப்படியே கீழே இறக்கினால் பிளவுஸ் முடியும் இடம் வரும். அதுதான் முன் உயரம். முன் உயரத்தை முதுகில் அளந்து எழுதுகிறவர்கள் உண்டு. முதுகு தட்டை, மார்பு மேடு. ஆகவே அப்படி அளந்து தைத்தால் முன்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். பிளவுஸ் முடியும் அந்த இடத்திலேயே கீழ்ச்சுற்றளவையும் எடுக்க வேண்டும்.

தோள் அகலத்தை முதுகுப் பக்கமாக, ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறுமுனைவரை எடுக்க வேண்டும். கைக்குழிக்கு டேப்பைத் தோள் முனை வழியாக அக்குளுக்குள் விட்டுச் சுற்ற வேண்டும். கை நீளம் தோள் முனையிலிருந்து தொடங்கும். கைச்சுற்றளவை, கை முடியும் அதே இடத்தில் எடுக்க வேண்டும். முழங்கைவரை வருகிற கையானால், முழங்கையை மடக்கி இன்னொரு முறை சுற்றிப் பார்த்து, பெரிய எண்ணை எழுத வேண்டும். கழுத்து இறக்கம் அவரவர் விருப்பம். ஆனால் முன்னும் பின்னும் ஒருசேர ஆழமாக இறக்கினால் தோள் நிற்காது. ஒரு பக்கத்தை ஏற்ற வேண்டும், இல்லையேல் பின்னால் கயிறு வைக்க வேண்டும்.

அளவு பிளவுஸ் கொடுத்துவிட்டால் இத்தனை வேலை வேண்டாம் என்று தோன்றும். நன்றாகப் பொருந்துகிற பிளவுஸ் என்றால் அது உண்மைதான். ஆனால் அந்தப் பழைய பிளவுஸில் துணி சுருங்கியிருக்கலாம், பக்கத்தில் பிரித்துத் தைத்திருக்கலாம். அதிலுள்ள பிழை புதியதிலும் அப்படியே வரும்.

எழுதும்போது உடம்பின் அளவை மட்டுமே எழுத வேண்டும். புடவை பிளவுஸுக்கு மார்பில் 1 முதல் 1½ அங்குலம் தளர்ச்சி விடுவார்கள். அளப்பவர் 36-ஐ 37 என்று கூட்டி எழுத, வெட்டுபவர் தம் பங்குக்கு இன்னொன்று கூட்ட, 38 ஆகிவிடும். தளர்ச்சியும் தையலுக்கு விடும் துணியும் வெட்டுபவர் கணக்கு. எழுதிய தாளில் ‘உடம்பளவு’ என்று குறித்து, தேதியும் போட்டுக் கொடுங்கள். உடல் இளைத்தாலோ பெருத்தாலோ பழைய தாளை நம்பாமல் மறுபடி அளந்துவிடுங்கள்.