சாட்சிக் கையெழுத்து போட்டவருக்கு உயிலில் பங்கு உண்டா?

உயில் செல்ல வேண்டுமானால் குறைந்தது இரண்டு சாட்சிகள் அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. உயில் எழுதியவர் கையெழுத்திட்டதையோ கைநாட்டு வைத்ததையோ ஒவ்வொரு சாட்சியும் நேரில் பார்த்திருக்க வேண்டும். அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் சாட்சியும் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டிலேயே எழுதப்படும் உயில்களில், அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேனாவைக் கொடுத்துவிடுவது வழக்கம். பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் மகனாகவோ மருமகனாகவோ, அதாவது உயிலால் பயனடையும் குடும்பத்து ஆளாகவோ இருந்துவிடுகிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அப்படிக் கையெழுத்திட்டவருக்கு என்ன ஆகும் என்பதை அதே சட்டத்தின் 67ஆம் பிரிவு சொல்கிறது. பயன் பெறுபவர் சாட்சியாக இருந்தார் என்பதற்காக உயில் செல்லாமல் போகாது. சாட்சி என்ற அளவில் அவருடைய கையெழுத்தும் செல்லும். ஆனால் அவருக்கு எழுதி வைத்த சொத்து அவருக்குக் கிடைக்காது. அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ எழுதி வைத்ததும் கிடைக்காது. அவர்கள் வழியாக உரிமை கோருகிறவர்களுக்கும் இதே கதிதான்.

இந்த ஏற்பாடு இங்கிலாந்திலிருந்து வந்தது. நில உயில்களுக்கு நம்பத்தக்க சாட்சிகள் வேண்டும் என்று அங்கே 1677இல் ஒரு சட்டம் வந்தது. உயிலால் லாபம் அடைகிறவர் நம்பத்தக்க சாட்சி ஆக மாட்டார் என்று நீதிமன்றங்கள் கருதியதால், ஒருவருக்குச் சிறு தொகை எழுதி வைத்திருந்தாலும் உயிலே கவிழும் ஆபத்து இருந்தது. 1752இல் வந்த சட்டம் உயிலைக் காப்பாற்றி, சாட்சியின் பங்கை மட்டும் வெட்டியது. 1837ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வெட்டைக் கணவன் மனைவிக்கும் நீட்டியது.

நடைமுறையில் இது எப்படி விழும் என்பதற்குத் தூத்துக்குடியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். தகப்பனார் மனைவியை இழந்தவர். ஒரு மகள், இரண்டு மகன்கள். கடைசிக் காலத்தில் தம்மைப் பார்த்துக்கொண்ட மகளுக்கு 60 லட்ச ரூபாய் பெறுமான வீட்டையும், மூத்த மகனுக்கு ஒரு வயலையும் எழுதி வைக்கிறார். ‘மற்ற சொத்துகள் எல்லாம் இளைய மகனுக்கு’ என்று கடைசி வரியில் சேர்க்கிறார். சாட்சிகள் இருவர்: ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர், இன்னொருவர் மகளின் கணவர். மருமகனுக்கு உயிலில் ஒரு ரூபாய்கூட இல்லை; அதனால் தவறேதும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

தகப்பனார் இறந்த பிறகு மூத்த மகனுக்கு வயல் தடையின்றிப் போகும். மகளுக்கு வீடு போகாது, ஏனென்றால் அவர் சாட்சியின் மனைவி. வேறு யாருக்கும் செல்லும்படியாக எழுதி வைக்கப்படாத சொத்தெல்லாம் ‘மற்ற சொத்துகள்’ என்ற வரிக்குள் வந்து விழுவதால், அந்த வீடு முழுவதும் இளைய மகனைச் சேரும். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் கணக்கு வேறு. அப்போது வீட்டைப் பொறுத்த மட்டும் அவர் உயில் எழுதாமலே இறந்ததாகச் சட்டம் கொள்ளும். மனைவி உயிரோடு இல்லாத நிலையில் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு, ஆளுக்கு 20 லட்சம். மகள் இழப்பது உயில் கொடுத்த உரிமையைத்தான். வாரிசு என்ற முறையில் வரும் பங்கை அவர் இழப்பதில்லை. மருமகன் நல்லெண்ணத்தோடுதான் கையெழுத்திட்டார் என்று நிரூபிப்பதால் பயன் ஒன்றும் இல்லை. பிரிவு எண்ணத்தைக் கேட்பதில்லை, கையெழுத்தை மட்டுமே பார்க்கிறது.

தடைக்கு எல்லையும் உண்டு. மருமகனுக்குப் பதிலாக மகளின் வயது வந்த பிள்ளை சாட்சி போட்டிருந்தால் மகளுக்கு வீடு கிடைத்திருக்கும். ஏனென்றால் சட்டம் கணவன் மனைவியைத்தான் சொல்கிறது. பிள்ளைகள், உடன்பிறந்தோர், பெற்றோரை அது சொல்லவில்லை. ஏற்கெனவே உள்ள உயிலை உறுதிசெய்து பின்னால் எழுதும் இணைப்பு உயிலில் பயனாளி சாட்சி போட்டாலும், மூல உயிலில் அவருக்கு உள்ளது போகாது. உயிலில் இருக்கும் எல்லாக் கையெழுத்தும் சாட்சிக் கையெழுத்து ஆகிவிடுவதும் இல்லை. சாட்சியாக நிற்கும் எண்ணத்தோடு போட்டதுதான் சாட்சிக் கையெழுத்து என்று உச்ச நீதிமன்றம் 1969இல், சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் கூறியது. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆளை அடையாளம் காட்டுவதற்காக மட்டும் கையெழுத்திட்டவர், அந்தக் காரணத்தால் மட்டும் உயிலின் சாட்சி ஆகிவிட மாட்டார்.

இவ்வளவும் கிறிஸ்தவர், பார்சி போன்றோரின் உயில்களுக்கு. இந்துக்களின் நிலை வேறு. பலர் தடுமாறும் இடமும் இதுதான். இந்துக்கள், சீக்கியர், சமணர், பௌத்தர் ஆகியோரின் உயில்களுக்கு இந்தச் சட்டத்தின் எந்தெந்தப் பிரிவுகள் பொருந்தும் என்று 57ஆம் பிரிவும் மூன்றாம் அட்டவணையும் பட்டியலிடுகின்றன. இரண்டு சாட்சி கேட்கும் 63 அந்தப் பட்டியலில் இருக்கிறது. பயன் பெறுபவரும் சாட்சி சொல்லலாம் என்னும் 68ஆம் பிரிவும் இருக்கிறது. நடுவில் உள்ள 67 மட்டும் இல்லை. எனவே ஓர் இந்துத் தகப்பனாரின் உயிலில் மகனே சாட்சி போட்டிருந்தாலும், அதனால் மட்டும் மகனுக்கு எழுதியது செல்லாமல் போகாது. முஸ்லிம்களின் உயிலுக்கு இந்தப் பகுதியே பொருந்தாது. அவர்கள் உயிலை வாய்மொழியாகவே செய்யலாம்.

இதைக் கேட்டு இந்துக் குடும்பங்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க, சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து வரக்கூடிய நிலையில் இருந்தால், அவர் கூண்டில் ஏறிச் சொல்லியாக வேண்டும். ஏறுகிறவர் சொத்து வாங்கிய மகனே என்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை பாதி முடிந்தது: ‘உயில் எழுதும்போது நீங்கள்தானே பக்கத்தில் இருந்தீர்கள்? வீடும் உங்களுக்குத்தானே?’ உயிலை முன்வைப்பவரே அது எழுதப்படுவதில் முன்னின்று, பெரும் பயனும் அடைந்திருந்தால் அது சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை என்றும், அந்தச் சந்தேகத்தை நீக்கும் பொறுப்பு அவருடையதே என்றும் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958இல் தீர்ப்பளித்திருக்கிறது. கிறிஸ்தவருக்குச் சட்டமே பறிப்பதை இந்து சாட்சியத்தில் தோற்று இழக்கலாம். அப்போது போவது ஒருவர் பங்கு மட்டும் அல்ல, முழு உயிலும்.

இங்கிலாந்தில் இந்தத் தவறு ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் தலையில் விழுந்ததும் உண்டு. 1979இல் தீர்ப்பான ராஸ் எதிர் காண்டர்ஸ் வழக்கில், பயனாளியின் கணவர் சாட்சி போடக் கூடாது என்று உயில் எழுதியவரை அந்த நிறுவனம் எச்சரிக்கவில்லை. கையெழுத்தான உயில் திரும்பி வந்தபோதும் கவனிக்கவில்லை. பங்கை இழந்த பெண்ணுக்கு அந்த நிறுவனம் நஷ்ட ஈடு தர வேண்டியதாயிற்று. நம் ஊரில் வீட்டுக் கூடத்தில் எழுதும் உயிலுக்கு அப்படிப் பொறுப்பேற்க யாரும் இல்லை.

பீரோவில் இருக்கும் உயிலில் பயனாளியோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டிருப்பது தெரிந்தால், எழுதியவர் உயிரோடும் தெளிந்த மனத்தோடும் இருக்கும்போதே பழையதை ரத்து செய்து, சொத்தில் சம்பந்தமில்லாத இருவரைச் சாட்சியாக வைத்துப் புதிய உயில் எழுதிவிட வேண்டும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை.