நெருங்கிய கோடுகளைத் தலைகீழாகப் படிப்பது ஏன்?

புவியியல் செய்முறைத் தேர்வில் அடிக்கடி வரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு குன்றின் சம உயரக் கோட்டுப் படம் கொடுத்திருப்பார்கள். அடியில் 100 மீட்டர், உச்சியை ஒட்டி 300 மீட்டர், இடையில் 20 மீட்டருக்கு ஒரு கோடு. கிழக்குப் பக்கம் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். மேற்குப் பக்கம் தாராளமாக விலகி ஓடும். எந்தப் பக்கம் மென்சரிவு, எந்தப் பக்கம் வன்சரிவு என்று கேட்டால், கிழக்கைக் காட்டி ‘மென்சரிவு’ என்று எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அதிலும் கணக்கில் கெட்டிக்காரர்கள் எழுதும்போதுதான் ஆசிரியருக்கு ஆச்சரியம்.

படிக்கவில்லை என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. நெருக்கமாக இருந்தால் வன்சரிவு என்ற வரியை அவர்களும் மனப்பாடம் செய்திருப்பார்கள். தேர்வு அறையில் படத்தைப் பார்த்ததும் கண் சொல்வது வேறாக இருக்கிறது. இரண்டு கோட்டுக்கு நடுவே இடம் கொஞ்சம்தான் இருக்கிறது, அப்படியானால் ஏற்றமும் கொஞ்சம்தான் என்று மனம் சட்டென்று முடிவு கட்டுகிறது. மேற்கே இடைவெளி பெரிது, ஆகவே ஏற்றமும் பெரிது. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. தாளில் தெரியும் இடைவெளியை உயரம் என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு.

அது உயரமே அல்ல. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் படம் வரைந்தவர் முன்கூட்டியே நிலையாக வைத்துவிட்டார். நம் படத்தில் அது 20 மீட்டர். கிழக்கிலும் 20, மேற்கிலும் 20. கோடுகள் ஒட்டினாலும் விலகினாலும் அந்த எண் அசையாது. மாறுவது ஒன்றே ஒன்றுதான்: அந்த 20 மீட்டர் ஏறுவதற்குத் தரைமட்டமாக எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பது.

மாடிப்படியை நேர் மேலே நின்று பார்த்தால் இது விளங்கும். படிகளின் உயரம் மேலிருந்து தெரியாது. கால் வைக்கும் பலகைகளின் அகலம் மட்டும்தான் தெரியும். எல்லாப் படிக்கும் உயரம் ஒன்று என்றால், பலகை குறுகக் குறுக மாடிப்படி செங்குத்தாகிக்கொண்டே போகும். பழைய வீடுகளில் மச்சுக்கு ஏறும் படியில் பாதத்தைக் குறுக்கே திருப்பி வைக்கவேண்டியிருப்பது அதனால்தான்.

இப்போது தேர்வுத் தாளுக்கு வருவோம். படத்தின் அளவை 1:50,000 என்று வைத்துக்கொள்வோம். படத்தில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். 1 மில்லிமீட்டர் என்றால் 50 மீட்டர். கிழக்குப் பக்கம் 100 மீட்டர் கோட்டிலிருந்து 300 மீட்டர் கோடு வரை அளவுகோலை வைத்தால் 8 மில்லிமீட்டர் வருகிறது. தரையில் அது 400 மீட்டர். ஏற்றம் 200 மீட்டர். 400-க்கு 200, அதாவது இரண்டடி முன்னால் போனால் ஓரடி மேலே ஏறவேண்டும். கோணமாகச் சொன்னால் ஏறத்தாழ 27 பாகை. மேற்குப் பக்கம் அதே இரு கோடுகளுக்கு இடையில் 40 மில்லிமீட்டர். தரையில் 2,000 மீட்டர். ஏற்றம் அதே 200 மீட்டர்தான். பத்தடிக்கு ஓரடி, கோணம் 6 பாகையைத் தொடவில்லை. மிதிவண்டியை மூச்சிரைக்க மிதித்தாவது ஏற்றிவிடலாம். கிழக்கில் கையை ஊன்றாமல் ஏறுவதே பாடு.

தவறாக எழுதிய பிள்ளைக்கு எங்கே இடறியது என்று அறிய ஒரே ஒரு கேள்வி போதும். கிழக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு கோட்டைத் தொட்டுக் காட்டி, “இதிலிருந்து இதுக்கு எத்தனை மீட்டர் ஏறுறோம்?” என்று கேட்கவேண்டும். பிறகு மேற்கிலும் இரண்டு கோட்டைக் காட்டி அதே கேள்வி. இரண்டுக்கும் 20 என்று சொன்னால் பிள்ளைக்கு அடிப்படை தெரிகிறது, விடை எழுதும்போது சொல் மாறிவிட்டது என்று பொருள். “இந்தப் பக்கம் கொஞ்சம் சார், அந்தப் பக்கம் நிறைய” என்று பதில் வந்தால் இடைவெளியை உயரமாகத்தான் படிக்கிறது. முதல் வகைப் பிள்ளைக்கு மறுபடி பாடம் நடத்துவது வீண். இரண்டாவது வகைப் பிள்ளையிடம் விதியை நூறு முறை எழுதச் சொல்வதும் வீண்.

அந்த இரண்டாவது வகைக்கு உதவுவது குறுக்குவெட்டு வரைவது. ஒரு காகிதப் பட்டையின் விளிம்பைக் குன்றின் குறுக்கே, கிழக்கிலிருந்து மேற்காக வைக்கவேண்டும். விளிம்பை ஒவ்வொரு கோடு வெட்டும் இடத்திலும் பென்சிலால் ஒரு கீற்று; பக்கத்திலேயே அந்தக் கோட்டின் உயரம். கிழக்குப் பக்கக் கீற்றுகளுக்குள் எண்களை எழுத இடமே இருக்காது. அந்தச் சிரமமே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும். பிறகு பட்டையை வரைபடத்தாளின் அடிக்கோட்டில் பொருத்தி, ஒவ்வொரு கீற்றுக்கும் நேர் மேலே அதற்குரிய உயரத்தில் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்தால் குன்று பக்கவாட்டில் எழுந்து நிற்கும். நெருங்கிய கீற்றுகள் இருந்த பக்கம் கோடு விறுவிறுவென்று மேலே போவதைத் தன் கையாலேயே வரைந்தவர் மறுபடி ஏமாறுவது அரிது.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. குன்றின் 200 மீட்டர் உயரத்தை 1:50,000 அளவையிலேயே வரைந்தால் 4 மில்லிமீட்டர்தான் வரும். பார்க்க மலை மாதிரியே இருக்காது. அதனால் உயரத்துக்கு மட்டும் பெரிய அளவை எடுப்பது வழக்கம். கிடையாக 1 சென்டிமீட்டருக்கு 500 மீட்டர், உயரத்துக்கு 1 சென்டிமீட்டருக்கு 100 மீட்டர் என்று எடுத்தால் உயரம் ஐந்து மடங்கு இழுபடுகிறது. மேற்குப் பக்கத்தின் பத்துக்கு ஒன்று இப்போது தாளில் இரண்டுக்கு ஒன்றாக நிமிர்ந்துவிடும். ‘ரெண்டு பக்கமும் வன்சரிவு’ என்று எழுதுபவர்கள் இந்தப் படத்தை நம்பி எழுதியவர்கள். எந்தப் பக்கம் கூடுதல் செங்குத்து என்று ஒப்பிடக் குறுக்குவெட்டு உதவும்; சரிவின் உண்மையான கோணத்தை அதிலிருந்து அளக்கக் கூடாது.

வரைய நேரம் இல்லாவிட்டால் கண்ணைச் சற்றுச் சுருக்கிப் படத்தைப் பார்த்தாலே போதும். கருத்துத் தெரியும் இடம் செங்குத்து. 1799-இல் சாக்சனி நாட்டுப் படை அதிகாரி யோகான் கேயார்க் லேமன் இதையே ஒரு முறையாக வகுத்தார். சரிவு கூடக் கூடச் சிறு கீற்றுகளைத் தடிப்பாகப் போட்டு, மலைமுகத்தைக் கருக்கச் செய்வது அவர் வழி. சம உயரக் கோடுகளை யாரும் அதற்காகத் தடிப்பாக்குவதில்லை. நெருங்கும்போது அவை தாமாகவே கருத்துவிடுகின்றன. இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடங்களில் இந்தக் கோடுகள் பழுப்பு நிறத்தில் இருக்கும். நீலகிரியின் தாளில் மலைமுகம் அடர் பழுப்பாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

நீலகிரி என்றதும் இன்னொன்று சொல்லியாகவேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து போகும் மலை ரயில், கல்லாறைத் தாண்டியதும் அந்த அடர் பழுப்புக்குள் நுழைகிறது. கல்லாறு சுமார் 400 மீட்டர் உயரத்தில், குன்னூர் சுமார் 1,700 மீட்டரில். 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால் இடையில் அறுபதுக்கும் மேற்பட்ட கோடுகளை அது தாண்டியாகவேண்டும். மலைமுகத்தில் கோடுகள் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் அடுக்கியிருக்கும் ஒரு துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நேராக ஏறினால் 50 மீட்டருக்கு 20 மீட்டர். சாதாரண ரயிலால் ஆகாது. பல்தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்து ஏறும் இந்த ரயிலே பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவைத்தான் ஒட்டிப் போகிறது. அந்தக் கணக்கில் 20 மீட்டர் ஏற அதற்கு 240 மீட்டர் பாதை வேண்டும். வரைபடத்தில் அது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். ஆகவே பாதை கோடுகளை நேராக வெட்டாமல், அவற்றோடு சாய்ந்து, பக்கவாட்டில் நெடுந்தூரம் ஊர்ந்து, ஒவ்வொன்றாகத் தாண்டுகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பாதை சுமார் 20 கிலோமீட்டர் நீள்வதற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். ரயில் பாதை மென்மையாக ஏறுகிறது, கோடுகளோ நெருக்கமாக இருக்கின்றன. அப்படியென்றால் நெருக்கம் மென்சரிவையும் காட்டுமா? காட்டாது. கோடுகளின் நெருக்கம் சொல்வது மலைமுகத்தின் சரிவை, அதாவது கோடுகளைச் செங்குத்தாக வெட்டிப் போகும் திசையின் சரிவை. பாதையின் ஏற்றம் வேண்டுமென்றால் பாதையின் மேலேயே அளக்கவேண்டும்: ஒரு கோட்டை வெட்டிய இடத்திலிருந்து அடுத்த கோட்டை வெட்டும் இடம் வரை. கேள்வித்தாளில் ‘மலையின் சரிவு’ என்று இருக்கிறதா, ‘சாலையின் ஏற்றம்’ என்று இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதி மதிப்பெண்ணை விடுபவர்கள் ஏராளம்.

நெருக்கம் என்ற விதிக்கே ஒரு வரம்பும் உண்டு. ஒரே படத்துக்குள் மட்டும்தான் அது செல்லும். 20 மீட்டருக்கு ஒரு கோடு போட்ட 1:50,000 படத்தில் 1 மில்லிமீட்டர் நெருக்கம் என்றால் ஏறத்தாழ 22 பாகைச் சரிவு. 5 மீட்டருக்கு ஒரு கோடு போட்ட 1:25,000 படத்தில் அதே 1 மில்லிமீட்டர் நெருக்கம் 11 பாகையைத்தான் குறிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே அடர்த்தி. ஆகவே படத்தின் ஓரத்தில் அளவையும் கோட்டு இடைவெளியும் அச்சிட்டிருக்கும் இடத்தைப் படிக்காமல் இரண்டு படங்களை ஒப்பிட்டால், நெருங்கிய கோடுகளை மென்சரிவு என்று சொன்ன பிள்ளையிடம் குறை காண நமக்கு அருகதை இல்லை.

கோடே இல்லாத இடத்தையும் தட்டை என்று நம்பிவிடக் கூடாது. 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், 101 மீட்டரில் நிற்கும் தரை சட்டென்று 118-க்கு எழும்பினாலும் எந்தக் கோடும் அதைக் காட்டாது. பாறை முகடுகளுக்கும் கரைகளுக்கும் தனிக் குறியீடு வைத்திருப்பது இதற்காகத்தான். சமவெளி மாவட்டங்களின் வரைபடத் தாள்களில் ஏரிக்கரைகளை ஒட்டி 3r, 4r என்று பொடி எழுத்தில் இருக்கும். கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம் அல்ல அது. பக்கத்துத் தரையிலிருந்து அந்தக் கரை எத்தனை மீட்டர் மேலே நிற்கிறது என்பது.