காலை 7 மணிக் காகிதம்: எந்த வேலை முதலில்?

தேக்கா சந்தையில் காலை வியாபாரம் தொடங்கும் நேரத்தில், அருகிலுள்ள மருத்துவமனைகளில் ஒரு கைமாற்றம் நடக்கிறது. புக்கிட் தீமா சாலையில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. மோல்மீன் பக்கம் போனால் டான் டோக் செங் மருத்துவமனை. இவற்றைப் போன்ற பெரிய மருத்துவமனைகளில் இரவுப் பணி மருத்துவர் காலை மருத்துவரிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார். அப்போது முடியாத வேலைகளும் கைமாறும்.

நோயாளிகளின் விவரங்கள் கணினியில் இருக்கின்றன. ஆனால், அதிகாலை 3 மணிக்கு ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு வார்டிலிருந்து அழைப்பு வந்தால், மருத்துவர் கைக்குக் கிடைக்கும் தாளில் ஓரிரு சொற்களைக் கிறுக்கிக்கொள்வார். காலையில் அந்தத் தாளை அப்படியே கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு கற்பனை வார்டின் தாளை வைத்துப் பார்ப்போம். நீங்கள்தான் காலை மருத்துவர், மணி 7. தாளில் இருப்பது இவ்வளவுதான்:

3 – ஹீமோகுளோபின் பார்
15 – வீட்டுக்கு, கடிதம்
21 – குழாய் அடைப்பு
9 – மகன் பேச வேண்டுமாம்
12 – K மறுபடி
3 – எண்டோஸ்கோபி 10 மணி, பட்டினி

எண்கள் படுக்கை எண்கள். மேலிருந்து கீழாக வேலையைத் தொடங்கலாமா? கூடாது. இது எழுதிய நேர வரிசை. எதைத் தாமதித்தால் ஆபத்து என்று இந்த வரிசை சொல்லாது.

முதல் படி: கேட்டு நிரப்புங்கள்

முதலில் பெயர்கள். இரவில் ஒரு நோயாளியை வேறு படுக்கைக்கு மாற்றியிருக்கலாம். அப்படியானால் ‘12’ என்பது வேறு ஒருவரைக் குறிக்கும். அதனால் ஒவ்வொரு வரியிலும் நோயாளியின் பெயரும், அடையாள அட்டை எண் போன்ற இன்னோர் அடையாளமும் சேர வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு கிறுக்கலுக்கும் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஏன் செய்ய வேண்டும்? எத்தனை மணிக்குள்? முடிவு மோசமாக வந்தால் என்ன செய்வது? யார் செய்வது?

‘12 – K மறுபடி’ என்ற வரியைப் பாருங்கள். K என்பது பொட்டாசியத்தின் வேதிக்குறியீடு. ரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 12ஆம் படுக்கையில் இருப்பவர் சிறுநீரக நோயாளி. அதிகாலை 5 மணிக்கு அவருடைய அளவு 6.5. இதயத்துடிப்பைப் பதிவுசெய்யும் ஈசிஜியிலும் மாற்றம் தெரிந்தது. பொட்டாசியம் இந்த அளவுக்கு ஏறினால் இதயத்தின் மின்னோட்டம் தடுமாறும், துடிப்பே நின்றுவிடலாம்.

இரவு மருத்துவர் இரண்டு மருந்துகள் கொடுத்திருக்கிறார். ஒன்று, கால்சியம். அது இதயத்தைக் காக்கும், ஆனால் பொட்டாசியத்தைக் குறைக்காது. அதன் பாதுகாப்பும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரைதான். மற்றொன்று, குளுக்கோசுடன் சேர்த்து இன்சுலின். இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்களுக்குள் தள்ளும். ஆனால், உடலைவிட்டு வெளியேற்றாது. சில மணி நேரத்தில் அது மறுபடி ரத்தத்துக்கு வந்துவிடும். அதோடு, இன்சுலினால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த ஆபத்து இன்னும் நீடிக்கும்.

ஆக, இந்தச் சிறிய வரிக்குள் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. கால்சியத்தின் பாதுகாப்பு 6 மணியோடு முடிந்துவிட்டது. பொட்டாசியத்தை இப்போதே மறுபடி சோதிக்க வேண்டும். சர்க்கரையைக் குறைந்தது 11 மணி வரை மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். தாளில் இவை எதுவும் இல்லை. எழுதியவரின் மனத்தில் மட்டுமே இருந்தன. அவரோ வீட்டுக்குப் போகப் போகிறார்.

இரண்டாம் படி: நோயாளி வாரியாகச் சேருங்கள்

3ஆம் படுக்கைக்குத் தாளில் இரண்டு வரிகள், ஒன்று மேலே, ஒன்று அடியில். தனித்தனியாகப் படித்தால் இரண்டும் சாதாரண வேலைகள். சேர்த்துப் படித்தால் கதை மாறுகிறது.

அந்த நோயாளிக்கு இரவில் மலம் கறுப்பாகப் போனது. இரைப்பையிலோ அதை ஒட்டிய குடலிலோ ரத்தம் கசிவதன் அறிகுறி அது. 10 மணிக்கு வாய்வழியே குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கப் போகிறார்கள். அதுவரை வயிறு காலியாக இருக்க வேண்டும். காலை உணவு வார்டுக்கு 7.30க்கு வரும். அவர் சாப்பிட்டுவிட்டால் சோதனை தள்ளிப்போகும். அவருக்கு நீரிழிவும் உண்டு. சாப்பிடாமல் இருப்பவருக்கு வழக்கமான காலை இன்சுலினைப் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். அளவை மாற்றலாமா என்று கேட்க வேண்டும்.

6 மணிக்கு அனுப்பிய ஹீமோகுளோபின் முடிவு 7.15 அளவில் கணினியில் வரும். அது 7 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டும் என்பது மூத்த மருத்துவர் சொல்லிவைத்த எல்லை. பொருந்தும் ரத்தம் தயாராகி வரச் சிறிது நேரம் பிடிக்கும். முடிவை 9.30க்குப் பார்த்தால், 10 மணிச் சோதனைக்கு முன் ரத்தம் ஏற்ற நேரம் இருக்காது.

மூன்றாம் படி: வரிசை

இப்போது வரிசைப்படுத்தலாம். எது சுலபம், எதை முதலில் முடித்துக் கோடு போடலாம் என்று பார்க்காதீர்கள். இரண்டு கேள்விகள் போதும். தாமதித்தால் என்ன கேடு? எத்தனை மணிக்கு வாய்ப்பு கைநழுவும்?

21ஆம் படுக்கையில் நிமோனியா நோயாளி. கையில் மருந்து செலுத்தும் மெல்லிய குழாய் அடைத்துவிட்டது. அடுத்த ஆன்டிபயாடிக் 8 மணிக்கு. புதுக் குழாய் போட 10 நிமிடம் ஆகலாம். நரம்பு கிடைக்காவிட்டால் இன்னும் ஆகும். 9ஆம் படுக்கை நோயாளியின் மகன் 9 மணிக்கு வருகிறார், அப்பாவுக்கு அடுத்து என்ன சிகிச்சை என்று கேட்க. அதற்கு மூத்த மருத்துவர் பதில் சொல்வதுதான் சரி. 15ஆம் படுக்கை நோயாளிக்கு வீடு திரும்பும் கடிதம் வேண்டும். அது தாமதித்தால் அவருக்கு ஆபத்தில்லை. ஆனால், அந்தப் படுக்கைக்காக அவசரப் பிரிவில் ஒருவர் காத்திருக்கலாம்.

புதிய பட்டியல் இப்படி வரும்:

1. 12 – உடனே நேரில் பார்க்க. ஈசிஜி, பொட்டாசியம், சர்க்கரை. பொட்டாசியம் 6க்கு மேல் இருந்தாலோ ஈசிஜி மாறியிருந்தாலோ மூத்த மருத்துவரை அழைக்க. சர்க்கரை 11 மணி வரை மணிக்கொருமுறை (தாதி). 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் குளுக்கோஸ், உடனே தகவல்.
2. 3 – காலை உணவு வேண்டாம் என்று 7.30க்குள் தாதியிடம் சொல்ல. இன்சுலின் அளவைக் கேட்க. 7.15க்கு ஹீமோகுளோபின் பார்க்க. 7க்குக் கீழே என்றால் ரத்தம், எண்டோஸ்கோபி குழுவுக்குத் தகவல்.
3. 21 – 8 மணிக்குள் புதுக் குழாய்.
4. 9 – மகன் 9 மணிக்கு. மூத்த மருத்துவரிடம் முன்பே சொல்ல.
5. 15 – காலைச் சுற்று முடிந்ததும் கடிதம்.

தாளில் ஐந்தாவதாக இருந்த ‘12’ இப்போது முதலில். கடைசி வரியான ‘பட்டினி’ இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டது. அதைச் சொல்ல ஒரு நிமிடம்தான் ஆகும். எனவே, 12ஐப் பார்க்கப் போகும் வழியிலேயே தாதியிடம் சொல்லிவிடலாம்.

திருப்பிச் சொல்லுங்கள்

இரவு மருத்துவர் கிளம்பும் முன் பட்டியலை அவரிடம் உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். 12க்குச் சர்க்கரை 9 மணி வரை என்று நீங்கள் சொன்னால், “இல்லை, 11 வரை” என்று அவர் அந்த இடத்திலேயே திருத்துவார். தலையாட்டிவிட்டுப் போனால் அந்தப் பிழை யாருக்கும் தெரியாது.

இப்படி ஒழுங்காக ஒப்படைப்பதால் பயன் உண்டா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளில் ஆராய்ந்தார்கள். முடிவு 2014இல் வெளிவந்தது. ‘ஐ-பாஸ்’ என்பது அந்த முறையின் பெயர். நோயின் கடுமை, நோயாளியின் சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகள், ‘இப்படி ஆனால் அப்படிச் செய்’ என்ற திட்டம், பெறுபவர் திருப்பிச் சொல்வது என ஐந்து பகுதிகள் கொண்டது. 10,740 நோயாளிச் சேர்க்கைகளை ஆராய்ந்ததில், மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்திருந்தன. ஆனால், அங்கே பயிற்சி, கண்காணிப்பு, அச்சிட்ட படிவம் எல்லாம் சேர்ந்தே வந்தன. குறைவுக்குப் பட்டியல் மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது.

பாதி நிறைந்த கட்டம்

பட்டியலிலும் ஒரு பொறி உண்டு. 12க்கு ரத்தம் எடுத்து அனுப்பியதும் ‘முடிந்தது’ என்று கோடு போட்டுவிட்டால், முடிவு 6.8 என்று வந்தாலும் யாரும் திறந்து பார்க்காமல் போகலாம். இதைத் தவிர்க்க மருத்துவர்கள் பலர் ஒவ்வொரு வேலைக்கும் முன் ஒரு சிறு கட்டம் போடுகிறார்கள். வேலை தொடங்கவில்லை என்றால் கட்டம் காலி. ரத்தம் அனுப்பியாயிற்று என்றால் பாதி நிரப்புவார்கள். முடிவைப் பார்த்து, வேண்டியதைச் செய்த பிறகுதான் முழுதாக நிரப்புவார்கள்.

வரிசையும் நிலையானதல்ல. 7.15க்கு 3ஆம் படுக்கையின் ஹீமோகுளோபின் 5.9 என்று வந்து, ரத்த அழுத்தமும் இறங்கினால், ஒரே ஆளால் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. அப்போது உதவிக்கு இன்னொரு மருத்துவரை அழைக்க வேண்டும். பட்டியலிலேயே இல்லாத ஒருவருக்குத் திடீரென மூச்சுத் திணறலாம். தாதி கூப்பிட்டால், தாளைப் பையில் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

மாலையில் நீங்கள் கிளம்பும்போது சில கட்டங்கள் பாதியிலேயே நிற்கும். அன்றிரவு மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டியவை அவைதாம். அவர் கேட்காமலே ‘ஏன், எத்தனை மணிக்குள், மோசமானால் என்ன, யார்’ என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். நோயாளிகளின் பெயர் உள்ள பழைய தாளை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. அது கிழிப்பு இயந்திரத்துக்குப் போக வேண்டும்.